30.06.2026 அன்று ஓய்வு: நிலப் பிரிவிலிருந்து வணக்கமும் நன்றியும்

செங்கோட்டை வட்டாட்சியர் அலுவலக நண்பர்களுக்கும், கிராம நிர்வாக அலுவலர்களுக்கும், பத்திர எழுத்தர்களுக்கும், மனுவோடு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டு அரசுப் பணியை முடித்து, வரும் செவ்வாய்க்கிழமை, 30.06.2026 பிற்பகல் ஓய்வு பெறுகிறேன். பசலி 1435 முடிவதும் அன்றுதான். கற்றுக்கொடுத்த மூத்தவர்களுக்கும், தோள்கொடுத்த சர்வேயர்களுக்கும், நாள் பார்க்காமல் பதிவறையில் கட்டு எடுத்துத் தந்த அலுவலக உதவியாளர்களுக்கும் நன்றி.

என் தன்பதிவேட்டில் நிலுவை 41. அதில் 23 உட்பிரிவு மனுக்கள் அளவைக்குக் காத்திருக்கின்றன. 11 மனுக்களில் வாரிசுச் சான்று வரவேண்டும். மீதி 7, பழைய மலையாளப் பத்திரங்களைச் சார்ந்தவை. இவற்றைத் தனிக் கட்டாக, குறிப்புத்தாளோடு வைத்திருக்கிறேன். அடுத்து வருபவர் முதலில் இந்தக் கட்டை எடுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காரணம் இதுதான். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அக்காலப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான். ஆவணியில் புத்தாண்டு பிறப்பதால், டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டவேண்டும். 1118 மகரம் என்றால் 1943. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஓராண்டு பிசகி, வில்லங்கம் தேடும் காலமே மாறிவிடும்.

சொற்கள் இன்னும் சிக்கல். ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், நம் கணக்கில் நஞ்சை. பொதுவாக நிலம் என்று படித்துவிடக்கூடாது. தோட்டத்துக்கும் மனைக்கும் ‘புரயிடம்’. ‘தீராதாரம்’ கிரையப் பத்திரம். ‘ஒற்றி’ அனுபவத்தோடு கூடிய அடமானம்தான், அதைக் கிரையமாக எண்ணிப் பட்டா கேட்டால் மனு நிற்காது. தாத்தா பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் இருக்கும். அது இன்றைய தலைப்பெழுத்தோடு பொருந்தாததால் பல மனுக்கள் திரும்புகின்றன. வாரிசுச் சான்றோடு, ஒரே நபர்தான் என்பதற்கான ஆதாரத்தையும் முதலிலேயே இணைத்துவிட்டால் அலைச்சல் குறையும். பரப்பு சென்ட்டில் இருந்தால் 2.47 சென்ட் ஒரு ஏர் என்று மாற்றி, சிட்டாவோடு ஒப்பிட்டுவிட்டே மனுச் செய்யுங்கள்.

இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்டாக எழுதிவருகிறேன். தீபாவளிக்குள் முடித்து, ஒரு படி நிலப் பிரிவிலும் ஒன்று பதிவறையிலும் வைக்க ஒப்படைப்பேன். ஓய்வுக்குப் பின் என் முதல் வேலை அதுவே. பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் புரியாத சொல்லை எழுதி அனுப்பினால் பட்டியல் வளரும். அசல் வேண்டாம், நகல் போதும்.

செவ்வாய் மாலை 4 மணிக்குக் கூட்ட அறையில் சந்திப்போம். மாலை, சால்வை வேண்டாம். அந்தச் செலவுக்குப் பழைய கட்டுகளைச் சுற்றக் காடாத்துணியும் அந்துருண்டையும் வாங்கித் தாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் அவை தேவைப்படும்.

அன்புடன்,
உதவியாளர், நிலப் பிரிவு,
வட்டாட்சியர் அலுவலகம், செங்கோட்டை