பிஐஇசி எக்ஸிபிஷன்: பிரெஸ் பிரேக் மீட்டிங் போஸ்டுகள், முன்னாடியும் பின்னாடியும்

ஜனவரி 2, வெள்ளி

பீன்யா, ஓசூர், அம்பத்தூர், கோயம்புத்தூர்னு ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் பண்ற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் புது வருஷ வணக்கம். ஜனவரி 21 புதன்ல இருந்து 25 ஞாயிறு வரைக்கும் பெங்களூரு பிஐஇசில ஐம்டெக்ஸ் ஃபார்மிங் நடக்குது, நாங்களும் ஸ்டால் போடறோம், ஹால் 3, பி 114. 100 டன், 3 மீட்டர் சிஎன்சி பிரெஸ் பிரேக் ஒண்ண அங்கயே இறக்கி கரண்ட் குடுத்து ஓட்டப்போறோம்.

போன தடவை நாங்க பண்ணின கூத்த சொல்லிடறேன். டேபிள்ல ஒரு எவர்சில்வர் கிண்ணம் வச்சோம், கார்டு போட்டுட்டு போங்கன்னோம், 400க்கு மேல விழுந்துச்சு, ஊருக்கு வந்து பாத்தா எந்த கார்டு யாரோடது, அவருக்கு என்ன மிஷின் வேணும்னு எங்க பசங்க யாருக்குமே ஞாபகம் இல்ல. பாதி பேருக்கு போனே பண்ணல, தப்பு எங்களோடதுதான்.

அதனால இந்த தடவை கிண்ணம் கிடையாது, ஸ்லாட்தான். ஒருத்தருக்கு அரை மணி நேரம், நாளுக்கு ஆறு பேர், மொத்தம் 30. உங்க பார்ட்ட நீங்க கொண்டு வாங்க, உங்க ஷீட், உங்க டிராயிங், உங்க கண்ணு முன்னாடி பெண்ட் பண்ணி கோணமானிய உங்க கைல குடுத்துடறோம். பிடிச்சா பேசலாம், பிடிக்கலைன்னா டீ குடிச்சிட்டு அடுத்த ஸ்டாலுக்கு போலாம். இன்பாக்ஸ்ல மூணே விஷயம் போடுங்க: எந்த மெட்டீரியல், எத்தனை மி.மீ தடிமன், எவ்ளோ நீளம். பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்றாதீங்க, சனிக்கிழமை ஸ்லாட்டுக்கு இப்பவே அடிதடி.

ஜனவரி 12, திங்கள்

19 ஸ்லாட் போயிருச்சு. வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "100 டன் எனக்கு போதுமா சார்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அடிச்சு கை வலிக்குது, இங்கயே போட்டுடறேன்.

எம்எஸ்னா பேப்பர்ல போடற கணக்கு இது:

```
P = 650 × S² × L / V
P = kN, S = தடிமன் மி.மீ, L = நீளம் மீட்டர், V = டை வாய் மி.மீ
```

டை வாய் தடிமனுக்கு 8 மடங்குன்னு வச்சுக்கங்க. 3 மி.மீ எம்எஸ், 3 மீட்டர் நீளம், 24 வி டை, கணக்கு போட்டா 731 வரும், அதாவது சுமார் 75 டன், நம்ம மிஷின் தாராளமா தாங்கும். அதே 3 மி.மீ எஸ்எஸ்னா ஒன்றரை மடங்கு வச்சு பாருங்க, 110 டன் தாண்டிரும், முழு நீளத்துக்கு தாங்காது. 2 மீட்டர்னா ஓகே. வித்தா போதும்னு "எல்லாம் போகும் சார்"னு சொல்ற ஆளு நான் இல்ல, அப்புறம் ராத்திரி 11 மணிக்கு உங்க போன எடுக்கப்போறதும் நான்தானே.

இன்னொண்ணு, பிளேஞ்ச் ரொம்ப சின்னதா இருந்தா ஷீட் டை வாய்க்குள்ள சறுக்கிரும். 16 வி-ல 11, 12 மி.மீக்கு கீழ நிக்காது. அப்படி பார்ட் இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, சின்ன வி டை எடுத்து வைக்கறோம்.

ஜனவரி 20, செவ்வாய்

நாளைக்கு ஆரம்பம். மிஷின் இன்னிக்கு காலைல கிரேன்ல இறங்கிருச்சு, லெவல் பாத்துட்டு இருக்காங்க, நான் தரைல உக்காந்து இத அடிக்கறேன். வர்ற வழி: மெஜஸ்டிக்ல இறங்கறவங்க மெட்ரோ கிரீன் லைன்ல ஏறி கடைசி ஸ்டேஷன் மாதாவரா வரைக்கும் வந்துருங்க, பக்கத்துலயே பிஐஇசி. ஓசூர்ல இருந்து கார்ல வர்றவங்க எலக்ட்ரானிக் சிட்டில நைஸ் ரோடு புடிச்சா தும்கூர் ரோட்டுக்கே வந்துடலாம், டோல் கொஞ்சம் சுள்ளுன்னு இருக்கும், ஆனா சில்க் போர்டு டிராபிக்ல நிக்கறத விட தேவலை. ஷீட்ட பைல கொண்டு வர்றவங்க ஓரத்த டேப் சுத்துங்க, கை கிழிச்சுக்காதீங்க. வியாழன் மதியம் ரெண்டு ஸ்லாட், ஞாயிறு காலைல ஒண்ணு, அவ்ளோதான் பாக்கி.

ஜனவரி 27, செவ்வாய்

தொண்டை போச்சு, கால் வீங்கிருச்சு, நேத்து குடியரசு தின லீவு ஃபுல்லா தூங்கினேன். 30 ஸ்லாட்ல 26 பேர் வந்தாங்க. நாலு பேர் வரல, பரவால்ல, உங்க ஸ்லாட்ல வழிப்போக்கா வந்தவங்க உக்காந்துட்டாங்க.

ஒரு விஷயம் சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓசூர்ல பேனல் கதவு பண்ற அண்ணன் ஒருத்தர் 2 மி.மீ எஸ்எஸ் ஷீட்ட தோள்ல சாச்சுக்கிட்டு வந்தாரு. அவர்கிட்ட இருக்கற பழைய மிஷின்ல ரெண்டு ஓரத்துலயும் 90 டிகிரி வருதாம், நடுவுல மட்டும் 91 அரை, வயிறு தள்ளின மாதிரி, இத்தன வருஷமா டை அடில பேப்பர் துண்டு மடிச்சு வச்சு ஓட்டிட்டு இருக்காரு. அது அவரு மேல தப்பு இல்ல, லோடு விழறப்ப பெட் நடுவுல லேசா வளையும், அத ஈடுகட்டத்தான் கிரௌனிங்னு ஒண்ணு இருக்கு. முதல்ல கிரௌனிங் ஆஃப் பண்ணி ஒரு பெண்ட் போட்டோம், அதே வயிறு. அப்புறம் ஆன் பண்ணி இன்னொண்ணு. அவரு ஒண்ணும் பேசல, கோணமானிய எடுத்து இடது, நடு, வலதுன்னு மூணு தடவை வச்சு பாத்தாரு, பாக்கெட்ல இருந்து அந்த மடிச்ச பேப்பர எடுத்து எங்க டேபிள்ல வச்சுட்டு "இதுக்கு இனி வேலை இல்லயா தம்பி"ன்னு கேட்டாரு. வர்ற வாரம் அவரு ஷாப்புக்கே போறேன்.

இன்னொருத்தர் அம்பத்தூர்ல இருந்து, 4 மி.மீ எஸ்எஸ், முழு 3 மீட்டர் வேணும்னாரு. இது முடியாது சார், உங்களுக்கு 160 டன்னாவது வேணும்னு சொல்லிட்டேன். முகம் சுருங்கிருச்சு, ஆனா மறுநாள் அவரு பார்ட்னரையும் கூட்டிட்டு வந்து 160க்கு கொட்டேஷன் கேட்டாரு.

வந்த எல்லாருக்கும் உங்க பார்ட்டோட போட்டோ, எடுத்த டன்னேஜ், எந்த டை போட்டோம்னு ஒரு ஷீட் நாளைக்குள்ள வாட்ஸ்அப்ல வந்துரும். விலை அதுல இருக்காது, உங்க கரண்ட் லோடு, இடம், டூலிங் எல்லாம் பாத்துட்டுதான் விலை. ஜிஎஸ்டி 18% தனி, இன்புட் எடுத்துக்கலாம், உங்க ஆடிட்டர்கிட்ட பேசிக்கங்க.

ஜனவரி 30, வெள்ளி

எக்ஸிபிஷனுக்கு வர முடியாதவங்களுக்கு. மிஷின் பீன்யா செகண்ட் ஸ்டேஜ் நம்ம ஷெட்டுக்கு திரும்ப வந்துருச்சு. பிப்ரவரி 7 சனிக்கிழமை காலை 10ல இருந்து 4 வரைக்கும் அதே மாதிரி அரை மணி ஸ்லாட், சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரம் கேப், பக்கத்துல மெஸ்ல ராகி முத்தெயும் கிடைக்கும் நம்ம சாம்பார் சாதமும் கிடைக்கும். பிப்ரவரி 3, 4 ஓசூர்ல இருப்பேன், 10, 11 அம்பத்தூர்ல. உங்க ஷாப்புக்கு வரணும்னா ஏரியா பேரும், கதவு எவ்ளோ அகலம்னும் மெசேஜ் போடுங்க. கதவு அகலம் ஏன்னு கேக்காதீங்க, ஒரு தடவை 3 மீட்டர் மிஷின கொண்டு போய் சந்துல நிறுத்தி சுவத்த இடிச்சு உள்ள விட்ட அனுபவம் இருக்கு. சனிக்கிழமை 11 மணி ஸ்லாட்டும் 3 மணி ஸ்லாட்டும் இன்னும் காலியா இருக்கு.