குவைத்திலிருந்து அக்காவுக்கு

குவைத்
25.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீரும் முன்னாடியே வாங்கி வை. போனில் சொன்னால் "சரி, சரி"ன்னுட்டு அப்புறம் உன் இஷ்டத்துக்குத்தான் செய்வே. அதனால்தான் நைட் டூட்டி முடிஞ்சு வந்து உட்கார்ந்து எழுதறேன்.

சீட்டு எடுத்த மூணு லட்சத்துக்கும் தங்கக் காசு வாங்கிடலாம்னு சொல்றே. வருஷ ஆரம்பத்தில் பவுன் 57,000 சொச்சம். தீபாவளிக்குள்ள 97,000 தாண்டிடுச்சு. தவிப்பு வரத்தான் செய்யும், எனக்கும் வந்துச்சு. ஆனா தீபாவளி முடிஞ்ச இந்த நாலஞ்சு நாளில் 92,000 பக்கம் இறங்கியிருக்கே, அதை உன்கிட்ட யாரும் சொல்லலையா? "பவுன் ஒன்றரை லட்சம் ஆயிடும்"னு சொன்ன அந்தக் கடைக்காரர் அன்னைக்கும் காசு விற்கத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏறவே ஏறாதுன்னு நான் சொல்ல வரலை. பல நாட்டு ரிசர்வ் வங்கிகள் 2022லேருந்து டன் டன்னா தங்கம் வாங்கிக் குவிக்குது, ரூபாயும் டாலருக்கு 88 வரை இறங்கிக் கிடக்கு. இன்னும் ஏறலாம். ஆனா 2011ல் அவுன்ஸ் 1,900 டாலர் வரை போன தங்கம், அந்த விலையைத் திரும்பத் தொட 2020 ஆச்சு. நடுவில் 2013 ஏப்ரலில் ரெண்டே நாளில் தடாலடியா விழுந்துச்சு. சுபா கல்யாணத்துக்குன்னா இன்னும் ஆறேழு வருஷம் இருக்கு, காத்திருக்கலாம். காலேஜ் ஃபீஸ் அடுத்த ஜூனில் கட்டணுமே, அந்தப் பணத்தை இதில் போடாதே.

காசுக்கு சேதாரம் இல்லைன்னு நினைக்கிறே. ஜிஎஸ்டி 3 சதவீதம் உண்டு. 92,000க்கு அதுவே 2,760. மேலே காசு அடிச்ச கூலின்னு கொஞ்சம் போடுவாங்க. மறுநாளே அதே கடையில் கொடுத்தாலும் இந்த ரெண்டும் திரும்பி வராது. அப்புறம் சுபாவுக்கு நகை செய்யணும்னு அந்தக் காசைக் கொடுத்தால், புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், மறுபடியும் ஜிஎஸ்டி. பேங்கில் வாங்கினால் நம்பிக்கைன்னு அத்தான் சொல்றார். நம்பிக்கைதான், ஆனா விற்ற காசை பேங்க் திருப்பி வாங்காது.

"நீ அங்கேயே வாங்கிட்டு வந்துடேன்"னு கேட்டியே. போன வாரம் லீவு நாளில் முபாரக்கியா தங்கச் சந்தைக்கு, கூட வேலை பார்க்கிற மலையாளி சேச்சியோட போனேன். பிளாஸ்டிக் அட்டைக்குள்ளே ஒட்டி வச்ச பத்து கிராம் காசை எடுத்து மேஜை மேலே வச்சார் கடைக்காரர். இங்கே வாட் வரி கிடையாது, விலையைக் கேட்டா கை துறுதுறுங்குது. ஆனா வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேலே இருந்த பெண் நகையாப் போட்டு வந்தால்தான் வரியில்லை, அதுக்கும் ஒரு அளவு உண்டு. காசு அந்தச் சலுகையில் வராது, சுங்கத்தில் காட்டி வரி கட்டணும். மறைச்சுக் கொண்டு வர எனக்குத் தெம்பு இல்லை, இந்த வேலையை நம்பித்தான் நம்ம வீடு ஓடுது. தினார் ஏறிடுச்சே, லாபம்தானேன்னும் கேட்காதே. நான் அனுப்புற பணம் எந்த ரூபாய் சரிவால் கூடுதோ, அதே சரிவால்தான் அங்கே தங்கமும் ஏறுது.

இனி நான் சொல்ல வந்தது. அடகுக் கடையில் உன் அஞ்சு பவுன் வளையல் ஒன்றரை லட்சத்துக்குக் கிடக்கே, அதை ஏன் மறந்தே? நூத்துக்கு ஒன்றரை வட்டின்னா மாசம் 2,250, வருஷம் 27,000. சொந்த வளையலை அடகில் விட்டுட்டு வரி கட்டிப் புதுக் காசு வாங்குறது என்ன கணக்கு? "தங்கம் வட்டியை விட வேகமா ஏறுது"ன்னு சொல்லுவே. வளையலும் தங்கம்தானே அக்கா, அதுவும் சேர்ந்துதான் ஏறுது. தங்கம் ஏறும்னு யாரும் எழுதித் தரலை, வட்டி மட்டும் தப்பாமல் ஏறும். தவணை தப்பி ஏலத்துக்குப் போயிட்டா அஞ்சு பவுனை இன்னைக்கு விலைக்கு யார் வாங்கித் தருவா?

முதலில் அதை மீட்டுடு. மீதி ஒன்றரை லட்சத்தில் ஃபீஸுக்கு அம்பதாயிரம் பேங்கில் போடு. ஆசைக்கு அரை பவுன் காசு இப்போ வாங்கு, இன்னொரு அரை பவுன் தை மாசத்தில், அன்னைக்கு என்ன விலையோ அதுக்கு. 916 முத்திரை பார்த்து வாங்கு, பில் இல்லாமல் "வரி குறைச்சுத் தரேன்"னு யாராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிடு. மாசச் சீட்டு கட்டினால் சேதாரம் இல்லைன்னு சொல்வாங்க, அந்தச் சலுகை காசுக்கும் உண்டான்னு முதலிலேயே கேட்டுக்கோ.

அடகு ரசீதை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பு. கடைசித் தேதி என்னைக்குன்னு நான் பார்க்கணும். அத்தானிடம் நான் சொன்னதாவே சொல்லு, கோபம் என் மேலே வரட்டும்.

அன்புடன்,
தங்கச்சி மல்லிகா