இரவு 11 மணி வெளிச்சம்

சார்ஜரில் கிடந்த மகனின் போன் இரவு 11 மணிக்கு மேல் மூன்று முறை மின்னியது, மூன்றாவது முறை பார்த்துவிட்டேன். "விட்டதைப் பிடிக்க இலவச பந்தயம், இன்னும் 20 நிமிடம்தான்!" அப்போதே எழுப்பிக் கத்தியிருப்பேன், ஆனால் கத்தினால் அவன் போனை ஒளித்து வைப்பானே தவிர பந்தயத்தை விடமாட்டான், அவனைப் பெற்றவளுக்கு அது தெரியாதா.

காலையில் துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"ராத்திரி உன் போன்ல வந்ததைப் பார்த்துட்டேன்டா. திட்டப் போறதில்லை. எவ்வளவு போச்சு?"

வெகுநேரம் ஒரே சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல ஜெயிச்சேன்மா. அப்புறம் விட்டதைப் பிடிக்கணும்னு போட்டுப் போட்டு..." குரல் உடைந்தது. "ஃப்ரெண்டுகிட்டயும் கடன்."

"நீ தோத்த அன்னைக்குத்தான் அந்த மெசேஜ் வருது, கவனிச்சியா?"

நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து போனை நீட்டினான்.

"நீயே அழிச்சிடும்மா."

"ஆப்பை அழிச்சா கணக்கு அப்படியேதான் இருக்கும். நீயே அதை மூடு, நான் பக்கத்துல இருக்கேன். அப்புறம் கடனை ஒரு தாள்ல எழுதலாம்."

கணக்கை மூடும் இடம் எங்கோ உள்ளே ஒளிந்திருந்தது. இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு தேடினோம்.