நடுக்கோடு
(ஓரங்க நாடகத்திலிருந்து ஒரு காட்சி)

பாத்திரங்கள்
மங்கை: 52 வயது. இந்த வீட்டிலேயே இருந்தவள்.
சேகர்: 46 வயது. அவளுடைய தம்பி. வந்து போனவன்.

இடம்: வீட்டின் கூடம். சாமான்களை எடுத்துவிட்டார்கள். பின்சுவரின் நடுவில் ஒரு சன்னல். அதன் கீழே, தரையில், கட்டில்கால்கள் நான்கும் பதிந்த தடம். வலப்பக்கம் மாடிப்படி. இடப்பக்கச் சுவரில், முன்பு தொலைபேசி இருந்த இடத்தில், பென்சிலால் எழுதிய எண்கள். ஒரு மடக்கு நாற்காலி. அதன்மேல் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவு.

நடிப்பவர்களுக்கு: இந்தக் காட்சியில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கண்ணீரும் வேண்டாம். இருவரும் அளவெடுக்க வந்திருக்கிறார்கள், அளவெடுக்கிறார்கள், அவ்வளவுதான். சேகர் வாயில் ‘அக்கா’ குறையக் குறைய அவனுக்குச் சூடு ஏறுகிறது என்று புரிந்துகொண்டால் போதும். மங்கைக்கு அப்படி ஓர் அடையாளம்கூட இல்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

(திரை விலகும்போது மங்கை வலப்பக்கச் சுவரோரம் குந்தி, அளவு நாடாவின் நுனியை அழுத்திப் பிடித்திருக்கிறாள். சேகர் இடப்பக்கச் சுவர்வரை நாடாவை இழுத்துக்கொண்டு போகிறான்.)

சேகர்: பிடித்துக்கொண்டாயா அக்கா?

மங்கை: பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சேகர்: 21 அடி. பாதி என்றால் பத்தரை. சரிதானே அக்கா?

மங்கை: நீ சொன்னால் சரி.

(சேகர் பத்தரை அடியில் சுண்ணக்கட்டியால் குறியிடுகிறான். நிமிர்ந்து சன்னலைப் பார்க்கிறான். குறி அதற்கு நேர் கீழே இருக்கிறது.)

சேகர்: சுவர் எழுப்பினால் சன்னலை இரண்டாக வெட்டும்.

மங்கை: வெட்டும்.

சேகர்: ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் முழுச் சன்னலும் ஒரு பக்கம் வந்துவிடும்.

மங்கை: எந்தப் பக்கம் தள்ள?

(இடைவெளி.)

சேகர்: உனக்கு அந்தப் பக்கம் படி இருக்கிறது. நான் அதற்காகச் சொல்லவில்லை அக்கா.

மங்கை: என் பக்கமே தள்ளிக்கொள். காற்று வரும் சன்னல். ராத்திரி மூன்று மணிக்கு மேல் நன்றாக வரும்.

சேகர்: மூன்று மணிக்கு யார் விழித்திருக்கப் போகிறார்கள்?

மங்கை: அதுவும் சரிதான்.

(அவள் எழுந்து வந்து, பழைய குறியைக் காலால் அழித்து, ஒன்றரை அடி தள்ளிப் புதிய குறி இடுகிறாள். கட்டில்தடம் நான்கும் இப்போது சேகர் பக்கம். இருவரும் அதைக் கவனிக்கிறார்கள். ஒருவர் கவனித்ததை மற்றவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.)

சேகர்: (வரைவை எடுத்துப் படிக்கிறான்) ‘அ அட்டவணைச் சொத்து, மங்கைக்கு. ஆ அட்டவணைச் சொத்து, சேகருக்கு. மாடியறை ஆ அட்டவணையில் சேரும். வெளிப்படி கட்டிக்கொள்ளும்வரை, ஓராண்டுக்கு மிகாமல், அ அட்டவணையில் உள்ள படியை உபயோகிக்கும் வழியுரிமை சேகருக்கு உண்டு.’ ஓராண்டு என்று யார் சொன்னது?

மங்கை: பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். ஏதாவது ஒரு கணக்கு வேண்டும் என்றார்.

சேகர்: மாடியறை நான் அனுப்பிய பணத்தில் கட்டியது.

மங்கை: அதனால்தான் உனக்கு எழுதச் சொன்னேன்.

சேகர்: குறையாகச் சொல்லவில்லை.

மங்கை: நானும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சிமெண்ட் மூட்டை இறங்கும்போதெல்லாம் எண்ணி வைத்தேன். நோட்டு உள்ளே இருக்கிறது. பார்க்கிறாயா?

சேகர்: வேண்டாம்.

(அவன் நடந்து சுவரில் உள்ள எண்களிடம் போகிறான். விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறான்.)

சேகர்: டாக்டர். மருந்துக்கடை. பக்கத்து வீடு. கார்க்காரர். ஐந்தாவதாக நான்.

மங்கை: கிட்டே இருப்பவர்களை முதலில் எழுதினேன்.

சேகர்: இது என் பழைய எண்.

மங்கை: கீழே பார். புதியதும் இருக்கிறது.

சேகர்: மங்கலாகத் தெரிகிறது.

மங்கை: பென்சில்தானே. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

(இடைவெளி. சேகர் உள்ளங்கையால் அந்த எண்ணைத் துடைக்கப் போகிறவன்போலக் கையை வைத்து, எடுத்துவிடுகிறான்.)

சேகர்: இந்தச் சுவர் என் பக்கம் வருகிறது. வெள்ளையடித்துவிடுவேன்.

மங்கை: உன் சுவர்.

சேகர்: குளியலறையில் ஒரு கம்பி பதித்திருக்கிறாயே, பிடித்துக்கொள்ள. அதை ஆள் வைத்து எடுத்துக் கொடுக்கவா? இனி யாருக்குத் தேவை?

மங்கை: இருக்கட்டும். எனக்குத் தேவைப்படும் நாள் வரும்.

(அவள் திரும்பிப் போய் வலப்பக்கச் சுவரோரம் குந்தி, நாடாவின் நுனியைப் பிடிக்கிறாள்.)

மங்கை: அகலத்தைக் கடைசியாக அளக்கலாம். நீளத்தை இன்னொரு தரம் பார்த்துவிடு. நாளைக்கு அளப்பவர் வந்து வேறு கணக்குச் சொன்னால் அசிங்கம்.

(சேகர் நாடாப் பெட்டியைப் பிடித்தபடி பின்னால் நடக்கிறான். சன்னலைக் கடக்கும்போது நிற்கிறான். கம்பியில் கட்டிய நூலில் ஒரு சிறு வெண்கல மணி தொங்குகிறது.)

சேகர்: இது எதற்கு?

(பதிலுக்குக் காத்திராமல் ஒரு கையால் ஆட்டுகிறான்.)

(மணி ஒலித்ததுமே மங்கை எழுந்து நிற்கிறாள். இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். விட்ட நாடா சரசரவென்று சுருண்டு போய் சேகர் விரலில் அடிக்கிறது. நடிகை இதில் எதையும் சேர்க்கக் கூடாது. திடுக்கிட வேண்டாம், நெஞ்சில் கை வைக்க வேண்டாம். கூப்பிட்டார்கள், எழுந்தாள்.)

(நீண்ட இடைவெளி.)

சேகர்: அக்கா...

மங்கை: அடிபட்டதா?

சேகர்: இல்லை.

மங்கை: காட்டு.

சேகர்: ஒன்றும் இல்லை.

மங்கை: ரத்தம் வருகிறது.

சேகர்: வரட்டும்.

(அவன் விரலை வாயில் வைத்துக்கொள்கிறான். அந்த ஒரு கணம் ஆறு வயதுப் பையன்போலத் தெரிகிறான். மங்கை பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள்.)

சேகர்: ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை?

மங்கை: எண்ணவில்லை. சிமெண்ட் மூட்டையைத்தான் எண்ணினேன்.

(சேகர் நூலை அவிழ்க்கப் பார்க்கிறான். முடிச்சு இறுகியிருக்கிறது.)

சேகர்: சாமான் பட்டியலில் இது இல்லை.

மங்கை: இல்லை. விட்டுப்போயிருக்கிறது.

சேகர்: சன்னல் என் பக்கம்.

மங்கை: ஆமாம்.

சேகர்: அப்படியானால் இதுவும்...

மங்கை: எடுத்துக்கொள். முடிச்சைப் பல்லால் கடிக்காதே. கத்தரிக்கோல் தருகிறேன்.

(அவள் இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டுகிறாள். அவன் வாங்குகிறான். நூலை வெட்டவில்லை. கத்தரிக்கோலைச் சன்னல் திண்டில் வைக்கிறான்.)

சேகர்: ஓராண்டை அடித்துவிடச் சொல். ஆறு மாதம் போதும். அதற்குள் வெளிப்படி கட்டிவிடுவேன்.

மங்கை: அவசரம் இல்லை.

சேகர்: எனக்கு இருக்கிறது.

(மங்கை வரைவை எடுத்து, நாற்காலிக் கையில் வைத்து, பேனாவால் ஒரு சொல்லை அடித்து, மேலே எழுதுகிறாள். ஊதிக் காயவைக்கிறாள். சேகர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியருகே போய், முதல் படியில் கால் வைக்காமல் நிற்கிறான்.)

சேகர்: மேலே என் பெட்டி இருக்கிறது. எடுத்துக்கொண்டு வரலாமா?

மங்கை: என்னை எதற்குக் கேட்கிறாய்?

சேகர்: படி உன்னுடையது.

மங்கை: (வரைவிலிருந்து தலை நிமிராமல்) இன்னும் கையெழுத்துப் போடவில்லையே. ஏறு.

(அவன் ஏறுகிறான். அவள் அளவு நாடாவை எடுத்து, நுனியைத் தன் காலால் மிதித்துக்கொண்டு, தனியாக அகலத்தை அளக்கத் தொடங்குகிறாள். ஒளி மங்குகிறது.)