தேநீர் எப்போது 60 டிகிரிக்கு வரும்? மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் ஒரு கணக்கு

வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் நியூட்டனின் குளிர்வு விதிக் கணக்கு வந்தால் பல மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு எண்களைப் போடுகிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் போட்டுவிடுவார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். அதனால் இந்த ஒரே கணக்கை, ஒரு வரியையும் தாண்டாமல், முழுவதும் எழுதிக் காட்டுகிறேன். இதற்காகச் சென்ற வாரம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் தேநீர் ஊற்றி, ஆய்வகத் தெர்மாமீட்டரை அதில் நிறுத்தி, கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தேன். கீழே வருபவை அந்த எண்கள்தான்.

கணக்கு. அறையின் வெப்பநிலை 30°C. தேநீர் 80°C காட்டியபோது கடிகாரத்தை ஓடவிட்டேன். 5 நிமிடம் கழித்து 70°C. எனக்குக் குடிக்க வசதியான சூடு 60°C. அதற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்?

5 நிமிடத்தில் 10 டிகிரி இறங்கியது, ஆகவே 20 டிகிரி இறங்க 10 நிமிடம் என்று உடனே தோன்றும். அது தவறு. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. தேநீர் ஆறுவது அது சூடாக இருப்பதால் மட்டுமல்ல, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால். அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது வேகமாக ஆறும். குறையக் குறைய வேகமும் குறையும். முதல் பத்து டிகிரி இறங்கிய வேகத்தில் அடுத்த பத்து இறங்காது.

நியூட்டன் 1701-இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் சொன்ன கருத்து இதுதான். வெப்பநிலை குறையும் வேகம், அந்த வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். t நிமிடத்தில் தேநீரின் வெப்பநிலை T என்றால்,

dT/dt = −k(T − 30), k > 0

குறை அடையாளத்தை இங்கே சற்று நின்று பாருங்கள். T என்பது 30-ஐவிட அதிகம், எனவே அடைப்புக்குள் இருப்பது மிகை எண். T குறைந்துகொண்டு வருவதால் dT/dt குறை எண்ணாக இருக்க வேண்டும். k மிகையாக இருக்க வேண்டுமானால் குறை அடையாளம் கட்டாயம் வேண்டும்.

மாறிகளைப் பிரித்தல். T இருப்பதையெல்லாம் ஒரு பக்கமும் t இருப்பதையெல்லாம் மறுபக்கமும் கொண்டுபோகிறோம். வலப்பக்கத்தில் t தனியாக எங்கும் இல்லை என்பதால் வேலை சுலபம்:

dT/(T − 30) = −k dt

இங்கே T − 30-ஆல் வகுத்திருக்கிறோம். வகுக்கும்போது அது பூச்சியம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். T = 30 என்பதும் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வுதான்: அறை வெப்பநிலையிலேயே இருக்கும் தேநீர் அப்படியே இருக்கும். நம் தேநீர் 80-இல் தொடங்குவதால் அந்தத் தீர்வு நமக்கு வேண்டாம். ஆனால் விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். இருபுறமும் தொகையிட,

ln|T − 30| = −kt + c

T > 30 என்பதால் மட்டு அடையாளத்தை எடுத்துவிடலாம். பிரிட்ஜில் இருந்து எடுத்த மோர் சூடாகும் கணக்காக இருந்தால் T < 30, அப்போது |T − 30| என்பது 30 − T. இந்த இடத்தில் மதிப்பெண் இழந்தவர்கள் நிறைய. இனி,

T − 30 = A e^(−kt), இங்கே A = e^c

t = 0 எனும்போது T = 80. எனவே A = 50. இந்த 50 என்பது தொடக்க வெப்பநிலை அல்ல, தொடக்க வித்தியாசம். A = 80 என்று எழுதுவதுதான் நான் அடிக்கடி திருத்தும் பிழை.

t = 5 எனும்போது T = 70. எனவே 40 = 50 e^(−5k), அதாவது

e^(−5k) = 4/5

இங்கே பெரும்பாலோர் உடனே k-ஐக் கண்டுபிடிக்க ஓடுவார்கள். ஓட வேண்டாம். e^(−kt) என்பது (e^(−5k))-இன் t/5 அடுக்குதானே? அதனால்

T = 30 + 50 (4/5)^(t/5)

எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும், ஏனென்றால் இதில் தேநீரின் கதை தெரிகிறது. ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் வித்தியாசம் ஐந்தில் நான்கு பங்காகிறது: 50, 40, 32, 25.6. வெப்பநிலை 80, 70, 62, 55.6. 60 என்பது பத்தாவது நிமிடத்துக்கும் பதினைந்தாவது நிமிடத்துக்கும் நடுவில், பத்துக்குப் பக்கத்தில் என்று மடக்கை அட்டவணையைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

நேரம் காண. T = 60 எனில் 30 = 50 (4/5)^(t/5), ஆகவே (4/5)^(t/5) = 3/5. இருபுறமும் மடக்கை எடுக்க,

t = 5 × ln(5/3) / ln(5/4) = 5 × 0.5108 / 0.2231 ≈ 11.45 நிமிடம்

ஏறக்குறைய 11 நிமிடம் 27 விநாடி. இரண்டு மடக்கைகளின் விகிதம் என்பதால் அடிமானம் 10 கொண்ட அட்டவணையை எடுத்தாலும் இதே விடை வரும்: 0.2218 / 0.0969, ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

k வேண்டுமென்றால் 0.2231 / 5 = 0.0446, நிமிடத்துக்கு. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 0.0446 × 50 ≈ 2.2 டிகிரி இறங்குகிறது; 60-ஐத் தொடும்போது 0.0446 × 30 ≈ 1.3 டிகிரிதான். 10 நிமிடம் என்ற முதல் ஊகம் பொய்த்தது இதனால்.

அளவீடு என்ன சொன்னது? பத்தாவது நிமிடத்தில் சூத்திரம் 62 என்றது, தெர்மாமீட்டர் 62.5 காட்டியது. பதினைந்தில் சூத்திரம் 55.6, தெர்மாமீட்டர் 56.5. நெருக்கம்தான், ஆனால் இரண்டு முறையும் உண்மையான தேநீர் கொஞ்சம் சூடாகவே இருந்தது. காரணம் உண்டு. நல்ல சூட்டில் ஆவி எழும்போது அதுவும் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது, வித்தியாசம் சுருங்குவதைவிட விரைவாக ஆவியாதல் குறைகிறது. நடுவில் மேலே பாலாடை வேறு படர்ந்தது, அதுவும் ஆவியைத் தடுக்கும். முதல் ஐந்து நிமிடத்தை வைத்துக் கண்ட k பின்னால் சற்று அதிகமாகத்தான் இருக்கும். k மாறிலி என்பது நாம் வைத்துக்கொண்ட அனுமானம், தேநீர் கொடுத்த வாக்குறுதி இல்லை.

டீக்கடையில் மாஸ்டர் கையை உயர்த்தித் தேநீரை ஆற்றுகிறாரே, அவர் மாற்றுவது k-ஐத்தான். நீண்ட கயிறாக விழும்போது காற்றைத் தொடும் பரப்பு பெருகுகிறது. அறையின் 30 டிகிரி அப்படியேதான் இருக்கும். மின்விசிறியைப் போட்டாலும் அதே கதை: k கூடும், 30 மாறாது.

31 டிகிரிக்கு எப்போது வரும்? வித்தியாசம் 1, எனவே t = ln 50 / 0.0446 ≈ 88 நிமிடம். சரியாக 30 எப்போது? சூத்திரத்தின்படி ஒருபோதும் இல்லை, ஏனென்றால் (4/5)-இன் எந்த அடுக்கும் பூச்சியம் ஆகாது.

இப்போது நீங்கள் ஒன்று போடுங்கள். அதே டம்ளர், அதே k, 24°C-இல் குளிரூட்டிய அறை. 80-இலிருந்து 60-க்கு வர எவ்வளவு நேரம்? 56 என்ற வித்தியாசம் 36 ஆக வேண்டும். ln(56/36) = 0.4418 என்று வைத்துக்கொண்டால் 9.9 நிமிடம் வர வேண்டும். வராவிட்டால் A-வில் 80 எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.