அரைப்பேர் போட்டது யார்?

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றை வைத்துப் பேசுகிறேன். சம்பவம் கற்பனைதான், ஆனால் மலையகத்தில் யாருக்கும் புதிதாக இருக்காது. கொழுந்து நிறுக்க மின்தராசு வந்துவிட்டது. மழை நாளில் மென்பொருளே 'தண்ணிக் கிலோ' கழிக்கிறது. மூன்று வாரமாக வெயில் நாளிலும் கழித்திருக்கிறது. கிலோ குறைந்ததால் ஒரு பெண்ணுக்குப் பல நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கேட்டால், "மெஷின் போட்டதும்மா, நாங்க என்ன செய்ய?" என்கிறார் கணக்குப்பிள்ளை.

இதையே கணக்குப்பிள்ளை கையால் பிழையாக எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. வேலையின்போது ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. மென்பொருளோ ஊழியர் அல்ல. இலங்கையில் நமது தீங்கியல் சட்டம் ரோமன் டச்சு வழி வந்தது. அதன்படி நட்டஈடு கேட்கும் அக்குவிலிய வழக்கில் எதிராளியின் கவனயீனத்தைக் காட்ட வேண்டும். தோட்டம் மென்பொருளை விற்றவரைக் காட்டும், விற்றவரோ தோட்டம் அதில் பதிந்த அமைப்பைக் காட்டுவார். சரி, சம்பளக் கோரிக்கையாகவே தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். அங்கும் தோட்டம் நீட்டப்போவது அதே கணினி அச்சைத்தான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மறுபரிசீலனை கேட்க இடம் தருகிறது. ஆனால் தன்னியக்கச் செயலாக்கத்தை மட்டுமே வைத்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை மாலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் 'மட்டுமே' போய்விட்டது என்று வாதிடுவார்கள். கடன் தகுதிக்கு மதிப்பெண் போடும் ஜெர்மன் நிறுவனமான ஷூஃபாவின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023இல் இந்தத் தப்பிப்பை அடைத்தது: மற்றவர் பெரிதும் நம்பி முடிவெடுக்கும் மதிப்பெண்ணே ஒரு முடிவுதான். அந்த வாசிப்பு நமக்கும் பொருந்தும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது சாட்சியம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மறுத்து நிரூபிக்கும்வரை மின்பதிவில் உள்ளதை உண்மை என்று ஊகிக்கிறது. பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன் மென்பொருள் விவகாரத்தில் கணினி சரியாகவே இயங்கியது என்ற ஊகம் என்ன செய்தது என்று பார்த்தோம். இல்லாத பணக்குறைக்காக நூற்றுக்கணக்கான துணைத் தபாலதிபர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2024இல் பிரித்தானிய நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அந்தத் தண்டனைத் தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்காவது கணக்கு வாசிக்கத் தெரியும், பலரால் சட்டத்தரணி வைக்க முடிந்தது. கூடையை இறக்கிவிட்டு அடுத்த நிரைக்கு ஓடும் பெண் மென்பொருளின் பிழையை எங்கே போய் நிரூபிப்பார்?

ஆகவே தோட்டமே முதலில் பதில் சொல்ல வேண்டும், கவனயீனம் காட்டாவிட்டாலும். கணக்குப்பிள்ளையின் வேலையை மென்பொருளிடம் கொடுத்தது அதுதான். கொடுத்த இழப்பீட்டை விற்றவரிடமிருந்து ஒப்பந்தப்படி மீட்டுக்கொள்ளட்டும். பேரம் பேசும் பலம் தோட்டத்துக்கு உண்டு. சிறு தோட்டங்களுக்கு இது பாரம் என்பார்கள். பாரம்தான். ஆனால் இப்போது அதைச் சுமப்பது அரைப்பேர்க்காரி.

தராசுச் சீட்டில் மொத்தக் கிலோ, கழித்த கிலோ, கழித்த காரணம் மூன்றும் அச்சாகி அன்றைக்கே அவர் கைக்கு வராவிட்டால், அந்தப் பதிவுக்கு 21ஆம் பிரிவின் ஊகம் கிடைக்கக் கூடாது.