அம்மாவுக்கு: வைஃபை பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ண

அம்மா, வைஃபை இல்லாம வாட்ஸப் வராது, அதான் எஸ்எம்எஸ் அனுப்புறேன். உங்க நேரம் 11 மணி வரைக்கும் எனக்கு மீட்டிங். அதுக்குள்ள இதைப் பண்ணிட்டு பதில் போடு.

டிவி பக்கத்துல வெள்ளைப் பெட்டி இருக்குல்ல, அதோட அடாப்டர் மாட்டியிருக்கிற ஸ்விட்சை சுவத்துலயே ஆஃப் பண்ணு. எல்லா லைட்டும் அணைஞ்சதும் 30 எண்ணிட்டு ஆன் பண்ணு. உடனே போட்டா சில நேரம் சரியா எழுந்திருக்காது. ஆன் பண்ணப்புறம் 5 நிமிஷம் அதைத் தொடாதே. PON லைட் அப்போ மின்னிக்கிட்டுதான் இருக்கும், பயந்து திரும்ப ஆஃப் பண்ணிடாதே, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

பின்னாடி சின்ன ஓட்டையில RESET-னு இருக்கும். அதுல ஊக்கு, ஹேர்பின் எதுவும் விட்டுடாதே. உள்ள இருக்கிற யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும், ஆள் வந்துதான் போடணும்.

5 நிமிஷம் கழிச்சு லைட்டைப் பாரு. எழுத்து பொடிசு, டார்ச் அடிச்சுக்கோ.

POWER பச்சை, PON மின்னாம பச்சை, INTERNET பச்சை, LOS எரியவே இல்ல: எல்லாம் சரி. LOS எரியாம இருந்தாதான் நல்லது மா. அப்பவும் போன்ல வரலைன்னா போன்ல வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. WLAN லைட் மட்டும் அணைஞ்சிருந்தா, தூசி துடைக்கும்போது பக்கத்துல இருக்கிற WLAN பட்டன் அமுங்கியிருக்கும். ஒரு தடவை அமுக்கு.

PON பச்சை, ஆனா INTERNET சிவப்பா இருக்கு, இல்லேன்னா அணைஞ்சிருக்கு: லைன் நல்லா இருக்கு, பிளான் முடிஞ்சிருக்கலாம். நான் இங்கேருந்து பார்த்துக்கிறேன். பணம் கட்டச் சொல்லி லிங்க் வந்தா தொடாதே.

POWER-ஏ எரியல: அதே பிளக்ல உன் போன் சார்ஜரைப் போட்டு கரண்ட் வருதான்னு பாரு. வந்தா அடாப்டர் போயிருக்கலாம். செட் டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டாதே, ஓட்டை ஒண்ணா இருந்தாலும் வோல்ட் வேற இருக்கலாம், பெட்டி போயிடும்.

LOS சிவப்பா மின்னுது: வெளியேருந்து வயர் வழியா வர்ற வெளிச்சம் வரல. பச்சை முனை வச்ச மெல்லிசு வயரைப் பாரு. உள்ள கண்ணாடி இழை. ஷோகேஸுக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுங்கியோ மடங்கியோ இருந்தா மெதுவா எடுத்து நேராக்கி விடு. பச்சை முனையைக் கழட்டாதே, விரலால உள்ளே ஒரு அமுக்கு அமுக்கினா போதும். ரெண்டு நிமிஷத்துல சிவப்பு போகலைன்னா வெளியே எங்கயோ வயர் அறுந்திருக்கலாம், எத்தனை தடவை ஆஃப் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல.

அப்போ அப்பா போன்லேருந்து நெட்காரருக்கு அடிச்சு "LOS சிவப்பு மின்னுது"ன்னே சொல்லு. "நெட் வரல"ன்னு மட்டும் சொன்னா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லி வச்சிடுவாங்க. எனக்கும் லைட் பேரும் கலரும் மட்டும் அனுப்பு, "PON பச்சை, LOS இல்ல" இந்த மாதிரி.